அரைக் குதிரைவலு மோட்டர்: விநியோகத்தருக்கு எழுதிய மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

தண்ணீர் மோட்டர்களின் விபரங்களை நாங்கள் ஏன் திருத்துகிறோம் என்று கேட்பவர்களுக்காக, கொழும்பிலுள்ள விநியோகத்தருக்கு அனுப்பிய மடலை அப்படியே கீழே தருகிறோம்.

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் பட்டியலில் அரைக் குதிரைவலு மோட்டருக்கு ‘உயரம் 40 மீற்றர், நிமிடத்துக்கு 40 லீற்றர்’ என்று இருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. 40 மீற்றர் உயரத்தில் தண்ணீர் வெளியே வராது. 40 லீற்றர் வருவதென்றால் உயரமே இருக்கக்கூடாது.

இங்குள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் 5 மீற்றர் கீழே, மாடித் தாங்கி நிலத்திலிருந்து 9 மீற்றர் மேலே, குழாயின் உராய்வுக்கு 3 மீற்றர். மொத்தம் 17. இவ்வகை மோட்டரில் உயரம் கூடக் கூட ஓட்டம் ஏறக்குறைய ஒரே சீராக இறங்கும்; ஆகவே 23 லீற்றரளவில்தான் கிடைக்கும். 1000 லீற்றர் தாங்கி 25 நிமிடத்தில் நிரம்பும் என்று வாங்கியவர், 43 நிமிடம் ஓடியதும் மோட்டர் பழுது என்று திருப்பிக் கொண்டுவருவார். மோட்டரில் பிழை இல்லை, பெட்டியில் எழுதிய எண்ணில்தான் பிழை.

எனவே 10, 15, 20, 25 மீற்றரில் எத்தனை லீற்றர் என்ற நான்கு எண்களைத் தாருங்கள். உறிஞ்சும் உயரத்தைத் தனியாக எழுதுங்கள். கிணற்றுக்கு மேலே வைக்கும் மோட்டர் நடைமுறையில் 7, 8 மீற்றருக்கு மேல் உறிஞ்சாது. அளவுகள் 50 ஹேர்ட்ஸில் எடுத்தவையா என்றும் சொல்லுங்கள். 60 ஹேர்ட்ஸில் எடுத்த 40 மீற்றர், எங்கள் மின்சாரத்தில் 28 மீற்றராகச் சுருங்கிவிடும். மோட்டரின் பெயர்த்தகட்டில் சுற்றுவேகம் நிமிடத்துக்கு 3400க்கு மேல் இருந்தால், 60 ஹேர்ட்ஸில் எடுத்ததற்கு அதுதான் அடையாளம்.

படங்களில் பெட்டிப் படம் வேண்டாம். பெயர்த்தகட்டைப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேரெதிரே நின்று எடுங்கள். பிளாஷ் பட்டால் பளபளக்கும் தகட்டில் எழுத்து அழிந்துபோகும். தண்ணீர் நுழையும் வாயில் அளவுகோலை வைத்து இன்னொன்று. அங்கே துளை 30 மில்லிமீற்றர் இருந்தால் அது 1 அங்குல மரை; துளையளவைப் பார்த்து ஒன்றேகால் என்று பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். மூடியைக் கழற்றி, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெலரையும் காட்டுங்கள், பித்தளையா பிளாஸ்ரிக்கா என்று தெரியவேண்டும். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் உப்புப் படிந்து இறுகுவது அந்த இடத்தில்தான். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கும், ‘ஆவணம்’ என்பதைத் தெரிவுசெய்து அனுப்புங்கள்.

தொழிற்சாலை அந்த நான்கு எண்களைத் தராவிட்டால் ஒரு மாதிரி மோட்டரை அனுப்புங்கள். வெளியேறும் குழாயில் அழுத்தமானி பூட்டி, வால்வை மெல்ல மூடி, முள் 1 பாரில் நிற்கும்போது 20 லீற்றர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பார்ப்போம். 1 பார் என்பது ஏறத்தாழ 10 மீற்றர். மிகுதி மூன்றையும் அப்படியே எடுத்து உங்களுக்கும் அனுப்புவோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம், யாழ்ப்பாணம்