கொலுவுக்கு அழைக்கும்போது

அன்புள்ள வித்யா,

புனேயில் முதல் தடவையாகக் கொலு வைக்கப் போகிறாய் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று படி போதும். அழைப்புக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொன்னாய். இந்த வருஷம் நம் பிளாட்டில் எல்லோருக்கும் அனுப்ப நான் எழுதி வைத்திருப்பதையே தருகிறேன்:

"எங்கள் வீட்டில் கொலு வைத்திருக்கிறோம். வீட்டில் உள்ள எல்லோரும் வர வேண்டும். மாலை 5 மணியிலிருந்து 8 மணி வரை. முதல் மாடி செவ்வாய், இரண்டாம் மாடி புதன், மூன்றாம் மாடி வியாழன் என்று வந்தால் உட்கார்ந்து பேசலாம். அன்று முடியாவிட்டால் எந்த நாளும் வாருங்கள். பாடத் தெரிந்தவர்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும்."

இவ்வளவுதான். ஆனால் போன வருஷம் இப்படி எழுதவில்லை. "நவராத்திரி ஒன்பது நாளும் வருக" என்று பொதுவாகப் போட்டேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை முப்பது பேர் ஒன்றாக வந்தார்கள். அரைக் கிலோ கொண்டைக்கடலை ஊறவைத்திருந்தேன், அது இருபது பேருக்குத்தான் காணும். கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும், நினைத்த நேரத்தில் ஆகாது. அப்புறம் பாசிப்பருப்பை அரைமணி ஊறவைத்து, குழையாமல் வேகவிட்டு, தேங்காயும் மாங்காயும் போட்டுத் தாளித்துக் கொடுத்தேன். சுண்டலைச் சமாளித்துவிட்டேன். ஆனால் யாரோடும் நாலு வார்த்தை பேச முடியவில்லை. தூரத்திலிருந்து வந்த உன் பெரியம்மா நின்றபடியே தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனாள். அதனால்தான் மாடிக்கு ஒரு நாள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். போன வருஷ அழைப்பில் "சுமங்கலிகள் வந்து மஞ்சள் குங்குமம் பெற்றுக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தேன். என் மாமியார் காலத்திலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வரி. இரண்டாம் மாடி டீச்சரம்மா அந்த வருஷம் வரவில்லை. அவர் கணவர் அதற்கு முந்தைய தை மாதம்தான் தவறியிருந்தார். உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்குக் கரும்பு கொடுக்கப் போனபோது அவரே சொன்னார்: "கூப்பிட்டீங்க, ஆனா என்னைக் கூப்பிடலைன்னு தோணிச்சு." எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நம் படியில் இருக்கும் செட்டியார் கடைக்குப் பருப்பும் அரிசியும் சின்னச் சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துக் கொடுப்பது அவர்தானே, உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆகவே இந்த வருஷம் "வீட்டில் உள்ள எல்லோரும்". நேற்று அவர் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். போனில் அனுப்புவது நாளையும் நேரத்தையும் தெரிந்துகொள்ளத்தான், அழைப்பு என்பது நேரில் போவது. குங்குமச் சிமிழோடு பூவும் தட்டில் வைத்து முழுத் தட்டையும் நீட்டினேன். எதை எடுத்துக்கொள்வது என்பது அவர் இஷ்டம். பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை சீக்கிரமே வந்து கடையை அடுக்கித் தருகிறேன் என்றும் சொன்னார். தாம்பூலப் பையிலும் இனி வேறுபாடு கிடையாது: வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு பழம், ஒரு ரவிக்கைத் துணி, பெண்கள் எல்லோருக்கும் ஒன்றே. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் சுண்டலும் பழமும்.

உன் பக்கத்து வீட்டுக்காரர்கள் மராட்டிக்காரர்கள் என்றாய். அவர்களிடம் ஹல்தி குங்கு வழக்கம் உண்டு, அதனால் மஞ்சள் குங்குமத்துக்கு விளக்கம் வேண்டாம். பொம்மைப் படியைப் பற்றி மட்டும் ஒரு வரி சேர்: "படிகளில் பொம்மைகளை அடுக்கி ஒன்பது நாள் வைத்திருப்போம், குழந்தைகளையும் கூட்டி வாருங்கள்." குழந்தைகள் வந்தால் பொம்மையைத் தொடத்தான் செய்வார்கள். மண் பொம்மைகளை மேல் இரண்டு படியில் வைத்துவிட்டு, கல்யாணத்தில் உனக்குக் கொடுத்த மரப்பாச்சி ஜோடியைக் கீழ்ப்படியில் வை. செம்மரம், கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. உன் பழைய பட்டுப் பாவாடை ஓரத்தில் ஒரு சாண் வெட்டி அதற்குப் புடவை தைத்திருக்கிறேன். இந்த வாரமே கூரியரில் போடுகிறேன்.

அமாவாசையன்றே படி கட்டிவிடு. அழைக்கப் போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. நீ எழுதியதை அனுப்புவதற்கு முன் ராத்திரி எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா