ஒரே பின்னணி, இரண்டு சட்டகங்கள்: கலைவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிக் கலைவிழாக் குழுவின் விளம்பரப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

வண்ணாரப்பேட்டையில் வடிவமைப்புக் கடை நடத்தி வரும் நான், சென்ற ஆண்டு உங்களுக்காகக் காசிமேட்டு விடியற்காலையை மேடைப் பின்னணியாக வரைந்தேன். இடக்கோடியில் பெயர் எழுதிய விசைப்படகும், நடுவில் தலையில் கூடையுடன் ஓர் அம்மாவும் இருந்தார்கள். அது 1920×1080 அளவில் படுக்கைவாட்டுப் படம். அதையே இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கு வெட்டியபோது 607 பிக்சல் அகலம் மட்டுமே மிஞ்சியதால் படகு முழுவதுமாகப் போய்விட்டது. மிஞ்சியதை 1080×1920க்குப் பெரிதாக்கியதில் படம் மங்கியது. அம்மாவின் முகமும் கூடையும் கணக்கின் பெயர் வரும் மேல்பட்டைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டன. வெட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். நெட்டுவாட்டுக்கு இடம் விடாமல் வரைந்தது என் தவறு, ஒரே ஜேபெக் கோப்பைத் தந்தால் போதும் என்று கேட்டது உங்கள் தவறு.

இந்த ஆண்டு 3840×3840 சதுரத்தில் வரைய விரும்புகிறேன். மேடைக்கு அதன் நடுவிலிருந்து 3840×2160ஐயும், ஸ்டோரிக்கு 2160×3840ஐயும் வெட்டிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவாக நிற்பது நடுவே உள்ள 2160×2160 சதுரம்தான். ஸ்டோரியின் 1920 பிக்சல் உயரத்தில் கணக்கின் பெயருக்காக மேலே 250ஐயும், பதில் எழுதும் பெட்டிக்காகக் கீழே 340ஐயும் காலியாக விடுவது வழக்கம். என் சதுரத்தில் அது இரட்டித்து 500, 680 ஆகிறது. நடுச் சதுரமோ மேலும் கீழும் 840 பிக்சல் தள்ளியே இருப்பதால், அதற்குள் நிற்கும் எதுவும் அந்தப் பட்டைகளில் சிக்காது. பக்கங்களில் மட்டும் 130 பிக்சல் உள்ளே தள்ளி வைப்பேன்.

மேலே மிஞ்சும் வானத்தைச் சும்மா நிரப்பிவிட முடியாது. பளிச்சென்ற மஞ்சள் மேகத்தின் மீது வெள்ளை எழுத்தில் வரும் கணக்கின் பெயர் படிக்கவே வராது. ஆகவே அங்கே இருட்டு விலகாத நீலத்தைத் தீட்டுவேன். கீழே வலையும் ஈர மணலும் போதும், மறைந்தாலும் இழப்பில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. நடுச் சதுரத்தில் படகும் அம்மாவும் அடங்குவார்கள். கலங்கரை விளக்கம், கேரம் பலகை, கால்பந்து என்று நீங்கள் சேர்த்துக்கொண்டே போனால் எல்லாமே பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடும். ரீல்ஸில் கீழ்ப்பட்டை இன்னும் உயரமாக வருவதால், அதற்கு அம்மாவைச் சற்று மேலே நகர்த்த வேண்டியிருக்கும். இதற்காகவே வானம், கடல், படகு, ஆள், மணல் ஆகியவற்றைத் தனித்தனி லேயராகத் தருவேன்.

ஆகவே, கட்டாயம் தெரிய வேண்டிய இரண்டு பொருள்கள் எவை என்பதை வரையத் தொடங்கும் முன்பே எழுதித் தாருங்கள். ஒப்புதல் அளிக்கும் முன் படத்தைக் கணினித் திரையில் மட்டும் பார்க்காமல், உங்களில் ஒருவர் தம் கைப்பேசியில் ஸ்டோரியாக ஏற்றி, வேறொருவரின் கைப்பேசியில் திறந்து, படகின் பெயர் பதில் எழுதும் பெட்டிக்கு மேலே தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பின்னணி ஓவியர்