பிஎன்ஆர் வந்தால் மட்டும் போதாது, டிக்கெட் எண்ணையும் பாருங்கள்

குழு உறவுகளுக்கு வணக்கம். மே விடுமுறைக்குச் சென்னை–சிங்கப்பூர் டிக்கெட் "பாதி விலை" என்று வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் விளம்பரங்கள் சுற்றுகின்றன. பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏஜென்ட் அனுப்பும் ஆறு எழுத்து பிஎன்ஆர், விமான நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பெயரோடு சரியாகவே திறக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் மீதிப் பணத்தையும் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் பணம் கட்டாமலே இருக்கையைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்க முடியும். கெடு முடிந்ததும் அது தானாக ரத்தாகிவிடும். அதற்குள் ஏஜென்ட் போனை அணைத்திருப்பார்.

அதனால் 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் காட்டும்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. பிடிஎஃபில் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம் என்பதால், நிறுவனத்தின் தளத்தில் 'Manage Booking' பகுதியில் பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் கொடுத்து, அதே எண் அங்கே வருகிறதா என்று பாருங்கள். சில மலிவுக் கட்டண நிறுவனங்கள் இந்த எண்ணைத் தருவதில்லை. அங்கே முழுக் கட்டணமும் செலுத்தப்பட்டு, பயணம் உறுதி என்று இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் நிறுவனத்துக்கே போன் செய்து "டிக்கெட் வழங்கப்பட்டுவிட்டதா?" என்று கேளுங்கள். அந்தப் போன் எண்ணை அவர்கள் தளத்திலிருந்தே எடுங்கள். கூகுளில் தேடினால் போலி கஸ்டமர் கேர் எண்களும் வருகின்றன.

வாங்கிய பிறகு டிக்கெட்டை ரத்து செய்து ரீஃபண்டைச் சுருட்டுகிறவர்களும் உண்டு. ஆகவே கிளம்பும் வாரத்தில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் செய்யலாம்.