எத்தனை கிலோ கேக்குக்கு எவ்வளவு ஃபாண்டன்ட்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர்கள்தாம் எங்கள் கடைக்கு அதிகம் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் ஒரு நாளைக்கு நான்கைந்து பேராவது கேட்கும் கேள்வி இது: “இரண்டு கிலோ கேக், எவ்வளவு ஃபாண்டன்ட் வாங்கட்டும்?” இத்தனை நாளும் ஒரு குத்துமதிப்பைச் சொல்லித்தான் அனுப்பி வந்தோம். சிலருக்கு அது சரியாக அமைந்தது. சிலருக்குக் காலை வாரியது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கேக்கின் எடையை வைத்து ஃபாண்டன்ட் அளவைச் சொல்லவே முடியாது. ஃபாண்டன்ட் கேக்கின் மேல்தோல். அதற்குள்ளே இருப்பது கனமான பழக்கேக்கா, பஞ்சு போன்ற வெண்ணிலா கேக்கா என்பது அதற்குத் தேவையில்லாத செய்தி. வேண்டியவை மூன்றுதான்: கேக்கின் குறுக்களவு, உயரம், எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் தேய்க்கப் போகிறீர்கள் என்பது.

சென்ற மாதம் நடந்ததைச் சொன்னால் விளங்கும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் 8 அங்குல டின்னில் சுட்ட கேக்குக்கு அரைக் கிலோ வெள்ளை ஃபாண்டன்ட் வாங்கிச் சென்றார். மறுநாள் மாலை படம் ஒன்று அனுப்பினார். மேல் விளிம்பைச் சுற்றி யானைத் தோல் போல் நுண்ணிய வெடிப்புகள், ஒரு பக்கம் கிழிந்து உள்ளே சாக்லேட் கனாஷ் எட்டிப் பார்த்தது. “பாக்கெட் பழையதா?” என்று கேட்டிருந்தார். பாக்கெட்டில் குறை இல்லை. அளவுதான் போதவில்லை. தவறு எங்களுடையதும்கூட, அரைக் கிலோ போதும் என்று தலையாட்டியவர்கள் நாங்கள்தானே.

அவருடைய கேக்கையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 அங்குல டின் என்றால் சுமார் 20 செ.மீ. ஆனால் ஃபாண்டன்ட் போர்த்துவது டின்னின் மேல் அல்லவே. சுற்றிலும் கனாஷ் பூசியபின் அந்தக் கேக் 21 செ.மீ. அகலம் ஆகியிருந்தது. மூன்று அடுக்கும் நடுவே கிரீமும் சேர்ந்து உயரம் 11 செ.மீ. இப்போது ஒரு நூலை எடுத்து, பலகையில் கேக்கின் ஓர் அடியில் தொடங்கி, பக்கவாட்டில் ஏற்றி, உச்சியின் நடுவே கொண்டுபோய், மறுபக்கம் அடிவரை இறக்கிப் பாருங்கள். 11, 21, 11. ஆக 43 செ.மீ. தேய்க்கும் வட்டம் குறைந்தது இவ்வளவு அகலம் இருக்க வேண்டும். கை பிசகினாலும் சமாளிக்க, அடியில் வெட்டிச் சீராக்க, 5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். 48 செ.மீ.

இனி எடை. ஃபாண்டன்டை நூறு மில்லி அளவுக் கிண்ணத்தில் காற்றில்லாமல் அழுத்தி நிரப்பினால் ஏறத்தாழ 140 கிராம் நிற்கும். இதை வைத்து வட்டத்தின் பரப்பு, கனம் எல்லாம் பெருக்கினால் நினைவில் வைக்க எளிதான ஒரு வழி கிடைக்கிறது. வட்டத்தின் குறுக்களவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மூன்றால் வகுத்தால், 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வேண்டிய கிராம் வந்துவிடும். 48-ஐ 48-ஆல் பெருக்க 2304. மூன்றால் வகுக்க 768. முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். 4 மில்லிமீட்டர் வேண்டுமானால் அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள், 1024 கிராம், ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்ளலாம்.

அரைக் கிலோவை அவர் 48 செ.மீ. வரை இழுத்திருக்கிறார். அப்படியானால் கனம் எவ்வளவு இருந்திருக்கும்? 2 மில்லிமீட்டர்கூட வரவில்லை. கேக்கின் மேல் விளிம்பில்தான் போர்வையின் பாரம் முழுதும் தொங்குகிறது. அவ்வளவு மெலிந்தது அங்கேதான் கிழியும். படத்தில் நாம் பார்த்ததும் அதுதான்.

டேப்பில் அங்குலம் பார்த்தே பழகியவர்கள் தையல் டேப்பைத் திருப்பினால் மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கும். இந்த வகுத்தல் அங்குலத்தில் சரிவராது.

உயரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஏமாறும் இடம் அதுதான். எங்களிடம் வருபவர்கள் “8 இன்ச்” என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கணக்கில் குறுக்களவு ஒருமுறை வருகிறது, உயரம் இருமுறை வருகிறது. அதே 20 செ.மீ. கேக் ஏழரை செ.மீ. உயரமாக இருந்தால் வட்டம் 40, எடை 533 கிராம். பன்னிரண்டரை செ.மீ. உயரமாகிவிட்டால் வட்டம் 50, எடை 833 கிராம். ஓர் அடுக்கு கூடியதில் 300 கிராம் கூடிவிட்டது. உயரமாகக் கட்டும் கேக்குகளே இப்போது விரும்பப்படுகின்றன. பழைய குத்துமதிப்பெல்லாம் ஒற்றை அடுக்குக் கேக்குக்குச் சொன்னவை.

“கேக்கின் மேல்பரப்பும் பக்கப்பரப்பும் கூட்டிப் பார்த்தால் 450 கிராமே போதும் என்று வருகிறதே, எதற்கு 768?” என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 48 செ.மீ. வட்டத்தின் வெளிவிளிம்பைச் சுற்றி அளந்தால் ஒன்றரை மீட்டர் வரும். கேக்கின் அடியைச் சுற்றி அளந்தால் 66 செ.மீ.தான். இவ்வளவு துணியை அவ்வளவு சிறிய இடுப்பில் சுற்ற வேண்டுமானால் கொசுவம் விழத்தான் செய்யும். துணிக்குக் கொசுவம் அழகு, ஃபாண்டன்டுக்கு அது ஆகாது. ஒவ்வொரு மடிப்பையும் வெளிப்பக்கமாக மெல்ல விரித்து, உள்ளங்கையால் கீழ்நோக்கித் தடவி, மிகுதியைப் பலகை வரை தள்ளிவிடுகிறோம். அந்த மிகுதிதான் வெட்டப்படுகிறது. அது வீண் அல்ல, ஆனால் போர்த்தும் நேரத்தில் அது கையில் இருந்தே ஆக வேண்டும்.

வெட்டியது எவ்வளவு தேறும்? இந்தக் கேக்கில் கணக்குப்படி 300 கிராமை ஒட்டி. கனாஷ் ஒட்டிய ஓரத்தைக் கழித்தால் 200 முதல் 250 வரை சுத்தமாகக் கிடைக்கும். உடனே பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் மேலே தோல் கட்டும். 30 செ.மீ. அட்டைப் பலகையை 2 மில்லிமீட்டர் கனத்தில் மூட 200 கிராம் போதும். ஆக, பலகைக்கென்று தனிப் பாக்கெட் வாங்காதீர்கள். விற்பவர்களே இதைச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதல்ல என்று எங்கள் வீட்டில் முணுமுணுப்பு உண்டு.

நிறம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டி எறியப்போவதற்கு எதற்கு நிறம் என்று 450 கிராமுக்கு மட்டும் கலந்து வைப்பவர்கள் உண்டு. முழு 768 கிராமுக்கும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். இரண்டாவது தடவை கலக்கும் சிவப்பு முதல் சிவப்போடு பொருந்தியதை நாங்கள் பார்த்ததில்லை.

3 மில்லிமீட்டரா, 4 மில்லிமீட்டரா? கை தேறியவர்களுக்கு 3 போதும், சாப்பிடுபவர்களுக்கும் அதுவே நல்லது. முதல் இரண்டு மூன்று கேக் செய்பவர்கள் 4 வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்கிரீம் பூச்சின் மேல் மேடுபள்ளம் இருந்தாலும் 4 அதை மறைக்கும். மழை நாளில், காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது, ஃபாண்டன்ட் இளகி, தூக்கும்போதே தன் பாரத்தில் நீண்டு மெலிந்துவிடும். அன்றைக்கும் 4-தான். தேய்த்தபின் உண்மையில் எவ்வளவு கனம் வந்திருக்கிறது என்பதைத் திருப்பிக் கணக்கிட்டும் பார்க்கலாம்: எடுத்த கிராமை ஒன்பதால் பெருக்கி, வட்டத்தின் குறுக்களவின் வர்க்கத்தால் வகுத்தால் மில்லிமீட்டர் வரும். வட்டம் 48 ஆகும் முன்பே கட்டையை நிறுத்திவிட்டால் தடிமனாக இருக்கிறது என்று பொருள், அதைத் தாண்டி ஓடினால் மெலிகிறது என்று பொருள்.

இந்தக் கணக்கு எல்லாக் கேக்குக்கும் செல்லாது. 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்று தூண் போல் ஒரு கேக் கேட்டார்கள் என்று வையுங்கள். நூல் 55, கூட்ட 60. வகுத்தால் 1200 கிராம். சின்னக் கேக்குக்கு ஒரு கிலோ இருநூறா என்று மலைக்க வேண்டாம், அதை ஒரே போர்வையாகப் போர்த்தக் கூடாது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அவ்வளவு கொசுவத்தை எவராலும் விரிக்க முடியாது. உச்சிக்கு ஒரு வட்டம், பக்கத்துக்கு 49 செ.மீ. நீளம் 21 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை என்று தனித்தனியாக ஒட்டினால் 530 கிராமில் முடிந்துவிடும். பின்பக்கம் ஒரு தையல் கோடு தெரியும், அதை ஒரு ரிப்பனோ பூவோ மறைக்கும். உயரம் அகலத்தை எட்டினாலே நாங்கள் பட்டை முறைக்கு மாறிவிடுவோம்.

இரண்டு தட்டுக் கேக் என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியே நூல் போட்டு, தனித்தனியே வகுத்து, கடைசியில் எடைகளைக் கூட்டுங்கள். உயரங்களை முதலிலேயே கூட்டிவிட்டால் கணக்கு எங்கோ போய்விடும்.

இன்றிலிருந்து கடையில் ஒரு மாற்றம். ஒரு கிலோ பாக்கெட்டோடு 250 கிராம் பாக்கெட்டும் எல்லா நிறத்திலும் வைக்கிறோம். உறை பிரிக்காத சிறிய பாக்கெட்டை ஒரு வாரத்துக்குள் பில்லோடு கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். கணக்கில் 768 வந்தால் ஒரு கிலோ எடுத்துச் செல்லுங்கள். 1024 வந்தால் ஒரு கிலோவோடு ஒரு சிறிய பாக்கெட்டும் கூட இருக்கட்டும். கணக்கே வேண்டாம் என்பவர்கள், பூச்சு முடிந்த கேக்கின் மேல் போட்ட நூலை அப்படியே வெட்டி எடுத்து வாருங்கள். கல்லாவுக்கு அருகே அளவுகோல் ஒட்டி வைத்திருக்கிறோம், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நூல் பருத்தியாக இருக்கட்டும். எலாஸ்டிக் கயிறு கொண்டுவந்த ஒருவருக்கு இரண்டு கிலோ விற்றுவிட்டு, மறுநாள் ஒன்றைத் திரும்ப வாங்கினோம்.

அன்புடன்,
கடை நடத்துநர்கள்