ஒன்பதாம் வகுப்பு நாவல்: மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. மதிப்பெண் அட்டைகள் கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டன. வட்டார விளையாட்டுப் போட்டியில் நம் கபடி அணி நன்றாக ஆடியது. அறிவியல் கண்காட்சிக்கு வந்து பிள்ளைகளை உற்சாகப்படுத்திய எல்லாருக்கும் நன்றி. மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த குடிநீர்க் குழாயையும் மாற்றியாயிற்று.

இனி, நான் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்புத் தமிழுக்குத் துணை வாசிப்பாக ஒரு நாவல் கொடுத்திருக்கிறோம். 150 பக்கம். டிசம்பர் முதல் வாரத்துக்குள் முடிக்க வேண்டும். கொடுத்த பத்தாவது நாளே சில வீடுகளில் இது அழுகையில் போய் நிற்பது எனக்குத் தெரிய வந்தது. போன வாரம் ஒரு மாணவன் வயிற்றுவலி என்று முதலுதவி அறைக்கு வந்து படுத்துக்கொண்டான். அது நாவல் பாடவேளை. பெற்றோரிடம் அனுமதி வாங்கித்தான் அவனைப் பற்றி எழுதுகிறேன்.

மறுநாள் அவனை அறைக்கு அழைத்து முதல் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் 40 சொல் படித்தான். ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டான். முதல் எழுத்துக்குத் திரும்பிப் போனான், மறுபடி நின்றான். நான் அந்தச் சொல்லில் பென்சிலால் இரண்டு கோடு போட்டேன்: பார்த்துக்/கொண்டிருந்த/வர்களுக்கு. உடனே படித்துவிட்டான். அப்புறம் அடுத்த இரண்டு பக்கத்தை நானே வாசித்துக் காட்டி, “பாட்டி ஏன் சாவியை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தாள்?” என்று கேட்டேன். “மகன் குடிக்கிறான்னு பாட்டிக்குத் தெரியும் சார், ஆனா அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனசு வரலை” என்றான். கதையில் அந்த விஷயம் எங்கேயும் நேராகச் சொல்லப்படவில்லை. கதை அவனுக்கு முழுசாகப் புரிகிறது. எழுத்திலிருந்து சொல்லை எடுப்பதுதான் அவனுக்குப் பாரம்.

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்க்கலாம். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால் இவர்கள் தப்பும் தவறுமாகப் படிப்பதைவிட, மிக மிக மெதுவாகப் படிப்பதுதான் அதிகம். கேட்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும். போதாததற்கு ‘கொ’, ‘கே’ போன்ற எழுத்துகளில் பின்னால் ஒலிக்கும் உயிருக்கான கொம்பு முன்னாலேயே நிற்கும். ல, ள, ழ குழப்பம் வேறு. நாவலில் ஊர்ப்பேச்சு வரும் இடங்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளையே தடுமாறும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் ஒரு நிமிடம் படிக்கச் சொல்லி, எத்தனை சொல் என்று நீங்கள் எண்ணுங்கள். இந்த நாவலில் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல், மொத்தம் 30,000. நிமிடத்துக்கு 40 சொல் என்றால் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். அதையே ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் பிள்ளை என்று பங்கு போட்டால் ஒன்பது மணி நேரத்துக்குள் முடியும். ஏழு வாரத்தில் பிரித்தால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். தீபாவளிக்கு மூன்று நாள் விட்டால்கூடச் சமாளித்துவிடலாம். இந்தக் கணக்கைப் பிள்ளையின் கண் முன்னால் போடுங்கள். அவன் மனதில் 150 பக்கம் மலையாக நிற்கிறது, பன்னிரண்டு நிமிடம் அப்படி நிற்காது.

பிள்ளை படிக்கும்போது நூறு சொல்லில் பத்துக்கு மேல் தவறினால், அந்தப் பகுதியைத் தனியாகப் படிக்கவிடாதீர்கள். நீங்களும் அவனும் ஒரே குரலில் சேர்ந்து வாசியுங்கள். தனியாகப் படிக்கலாம் என்று தோன்றினால் அவன் மேசையைத் தட்டட்டும், நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்குள் வரவில்லையென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள், அவன் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும், மறுபடி சேர்ந்து தொடருங்கள். “எழுத்துக் கூட்டிப் படி” என்று அந்த இடத்தில் சொன்னால் கதை அறுந்துவிடும். எழுத்துப் பயிற்சியை வேறு நேரத்தில் வைத்துக்கொள்வோம்.

உட்கார்ந்து வாசிக்க ஆளில்லாத வீடுகளுக்காக நம் தமிழாசிரியர்கள் அத்தியாயங்களைச் சற்று நிதானமாக வாசித்துக் குரல் பதிவு செய்து வருகிறார்கள். முதல் ஆறு அத்தியாயம் தயார், கேட்டால் அனுப்புவோம். ஒரு அட்டையை வரிக்குக் கீழே வைத்து, கண்ணால் தொடர்ந்தபடியே கேட்க வேண்டும். கண் வேறெங்கோ போய்க் காது மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதும் நடக்கும். நடுவில் சட்டென்று பதிவை நிறுத்தி, “கடைசியாகக் கேட்ட சொல் எது, விரல் வை” என்று சொல்லிப் பாருங்கள். விரல் சரியான வரிக்குப் போகவில்லையென்றால் இரண்டு பக்கம் பின்னால் போய் ஆரம்பியுங்கள்.

இவ்வளவும் நாவலைக் கடக்க உதவும். டிஸ்லெக்சியா இதனால் போய்விடாது. அதற்குச் சிறப்புப் பயிற்சி மாதக்கணக்கில் தொடர வேண்டும். வண்ணக் கண்ணாடித்தாள் வைத்துப் படிக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். அதனால் பயன் உண்டு என்று ஆய்வுகள் காட்டவில்லை, பணம் செலவழிக்க வேண்டாம். கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

இனி எழுதுவதை எழுதத் தயங்கித்தான் எழுதுகிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் “எங்கள் பெண் நூறு பக்கம் தாண்டிவிட்டாள்” என்று போட்டுக்கொள்வதை நிறுத்துங்கள். ஒரு பிள்ளை திக்கித் திக்கிப் படிப்பதைப் படம்பிடித்து, சிரிக்கும் பொம்மையோடு குழுவில் போட்டதை நானே பார்த்தேன். போட்டவர் தவறாக நினைத்துச் செய்யவில்லை என்று நம்புகிறேன். ஆனால் இன்னொரு முறை நடந்தால் அந்தக் குழுவை மூடச் சொல்வேன். படிக்காததற்குத் தண்டனையாக ஒரே பக்கத்தைப் பத்து முறை எழுத வைப்பதையும் எந்தப் பெற்றோரும் செய்யக் கூடாது. அதனால் வாசிப்பு வேகம் கூடாது, புத்தகத்தின் மேல் வெறுப்புதான் கூடும்.

தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. வகுப்பில் வரிசையாக எழுப்பி ஆளுக்கு ஒரு பத்தி உரக்கப் படிக்க வைத்துக்கொண்டிருந்தோம். அந்த மாணவனுக்கு வயிற்றுவலி வந்தது அதனால்தான். இந்த வாரத்திலிருந்து அதை விட்டுவிட்டோம். படிக்க விரும்புகிறவருக்கு எந்தப் பத்தி என்று முந்தைய நாளே சொல்லிவிடுவோம். நாவல் மதிப்பீட்டுக்கு எழுத்தில் சிரமப்படுபவர்கள் வாய்மொழியாகப் பதில் சொல்லலாம், மதிப்பெண் குறையாது.

ஒன்பதாம் வகுப்பிலேயே இதைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்கும். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்க மருத்துவச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு நடுவில் அதற்கு அலைவது கடினம். சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே என்னிடம் வாருங்கள். நம் பேச்சு வெளியே போகாது.

அந்த மாணவன் நேற்றுவரை 31 பக்கம் முடித்திருக்கிறான். கடையை மூடிவிட்டு வந்து, இரவு ஒன்பது மணிக்கு அவனோடு உட்கார்ந்து வாசிக்கும் அவன் அப்பாவுக்கும், பேரப்பிள்ளைக்காகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாவலைப் படிக்கத் தொடங்கியிருக்கும் இரண்டு பாட்டிகளுக்கும் என் மனமார்ந்த நன்றி. குரல் பதிவுக்கு உதவ விரும்பும் பெற்றோர் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்துக்கு வாருங்கள். ஏழாம் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்