அன்னதானக் கூடத்து மேற்குச் சுவர் நிழல் பலகைகள்: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

கூடத்தின் மேற்குச் சுவரில் உள்ள ஆறு ஜன்னல்களுக்கும் மர லூவர் பொருத்தும் வேலை முடிந்தது. சித்திரை வெயிலில் நாலு மணிக்கு மேல் இலை போட முடியாமல் இருந்த மேற்கு வரிசையில் இப்போது நிழல் விழுகிறது.

மேற்கு வெயில் தாழ்ந்து, ஏறக்குறைய நேராக வருவதால் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடை நீட்டி அதைத் தடுக்க முடியாது. அதனால் 100 மி.மீ. அகலமும் 18 மி.மீ. தடிமனும் உள்ள தேக்குப் பலகைகளை, வெளி விளிம்பு கீழே இருக்கும்படி 45 டிகிரி சாய்த்து அடுக்கினோம். ஒரு பலகையின் கீழ் விளிம்பிலிருந்து அடுத்ததன் கீழ் விளிம்புக்கு 100 மி.மீ. இந்த அளவில், எதிரே நிற்கும் சூரியன் 16 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை ஒரு கீற்றும் உள்ளே வராது. சேலத்தில் மே முதல் வாரத்தில் அது மாலை சுமார் 5.20.

மாதிரிச் சட்டம் இங்கேதான் தவறியது. 100 மி.மீ. என்பதை ஆசாரி இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள வெற்று இடைவெளியாக எடுத்துக்கொண்டார். சாய்ந்த பலகையின் தடிமன் செங்குத்தாக அளந்தால் 25 மி.மீ. வருகிறது, அடுக்கு 125 ஆகிவிட்டது. நாலு மணிக்கே தரையில் வரிவரியாக வெயில். சாக்பீஸால் அந்த வரிகளைக் குறித்து நேரத்தையும் எழுதியபோதுதான் காரணம் பிடிபட்டது. பிறகு ஒரு ரீப்பரில் 100 மி.மீ.க்கு ஒரு வெட்டுப் போட்டு, அதையே ஆறு சட்டங்களுக்கும் அளவுகோலாக வைத்தோம். ஒரு சட்டத்துக்கு 12 பலகை, மொத்தம் 72.

காற்று மேலேறிப் போக, சட்டம் சுவரை விட்டு 150 மி.மீ. வெளியே நிற்கிறது. அந்த இடைவெளியால்தான் பக்கவாட்டிலும் நிமிர்ந்த பலகை தேவைப்பட்டது. மார்கழியில் நாலே கால் மணிக்குச் சூரியன் மேற்கிலிருந்து சுமார் 31 டிகிரி தெற்கே நிற்பதால், ஜன்னலின் தென் ஓரத்தில் 90 மி.மீ. அகலத்துக்கு வெயில் நுழையும். ஆனி மாதத்தில் வட ஓரத்தில் 55 மி.மீ. ஆகவே இரு புறமும் வைத்தோம். மழை நீர் ஊறாமலும் கரையான் ஏறாமலும் இருக்க, அவை சுவரைத் தொடாமல் 10 மி.மீ. தள்ளி நிற்கின்றன. மார்கழியில் மறுபடி பார்த்தோம்; அந்த இடுக்கு வழியாக ஒரு நூல் கீற்று மட்டுமே விழுந்தது.

ஏற்காட்டு சில்வர் ஓக் மலிவாகக் கிடைத்தது. வெயில் மழையில் நிற்கும் வேலைக்கு அது தாங்காது என்பதால் வாங்கவில்லை. ஒன்றரை மீட்டர் நீளத் தேக்கே நடுவில் தொய்யும். அதற்காக ஒவ்வொரு சட்டத்திலும் நடுக்கால் கொடுத்துள்ளோம். திருகாணிகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. வெட்டு முனைகளில் ஆளி விதை எண்ணெய் இரண்டு முறை பூசியுள்ளது. ஆண்டுதோறும் பங்குனியில் மீண்டும் பூச வேண்டும்.

5.20க்குப் பிறகு வரும் வெயிலை இந்த அமைப்பு தடுக்காது. பலகையை இன்னும் சாய்த்தால் தடுக்கலாம், ஆனால் கூடம் பகலிலேயே இருட்டாகும். அந்த நேரத்துக்குப் பருத்தித் திரை தைக்கக் கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு