கலெக்ட் ரிக்வெஸ்ட்டில போன ஆறாயிரம் ரூபா: நீங்க மூடின புகாரைத் திரும்பத் திறக்கக் கேட்டு

யாழ்ப்பாணம்
2025 ஆகஸ்ட் 25

குறைதீர் பிரிவுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 12ம் தேதி பின்னேரம் உங்கட யூபிஐ ஆப் ஊடாக என்ட இந்திய பேங்க் அக்கவுண்ட்டில இருந்து இரண்டாயிரம் இரண்டாயிரமா மூண்டு தரம், மொத்தம் ஆறாயிரம் இந்திய ரூபா போயிட்டுது. இலங்கைக் காசுக்கு இருபதாயிரத்துக்குக் கிட்ட. நான் போட்ட புகாரை "பரிவர்த்தனை வெற்றி" எண்டு ஒரு வரியில எழுதி அடுத்த நாளே மூடிப்போட்டியள். வெற்றி எண்டு எனக்கும் தெரியும், அதுதானே என்ட பிரச்சினையே.

நடந்ததை வடிவாச் சொல்லுறன். நான் இடம்பெயர்ந்து போய் திருச்சியில கனகாலம் இருந்த ஆள், திரும்பி வந்தாலும் அங்கத்தை அக்கவுண்ட்டையும் சிம்மையும் விடேல்ல, அக்கா இன்னும் அங்கதான். அக்கா வீட்டில கிடந்த என்ட தையல் மெஷினை ஒன்பதாயிரத்துக்கு விக்க ஆன்லைனில போட்டிருந்தன். நல்லூர் திருவிழா நேரம், வீடு முழுக்க சனம், அப்ப ஒருத்தர் கோல் எடுத்தார். "அக்கா, மெஷின் எனக்குத்தான், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, ஆறாயிரம் அட்வான்ஸ் இப்பவே போட்டுடுறேன். ஒரு தடவைக்கு ரெண்டாயிரம்தான் போகும், மூணா அனுப்புறேன், வந்ததும் அப்ரூவ் பண்ணிட்டு பின் போடுங்க, அக்கவுண்ட்டுல ஏறிடும்" எண்டார்.

அந்த இரண்டாயிரக் கதைதான் என்னை நம்ப வைச்சது. ஆளுக்கு ஆள் காசு கேட்டு அனுப்புற கலெக்ட் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு தரத்துக்கு இரண்டாயிரம்தான் எல்லை எண்டு எங்கயோ வாசிச்ச ஞாபகம், இந்தாள் சரியாத்தானே சொல்லுறார் எண்டு நினைச்சன். அந்த எல்லை காசு கேக்கிறவனுக்கு, காசு அனுப்புறவனுக்கு இல்லை எண்டது அப்ப மண்டையில ஏறேல்ல.

5.41க்கு முதல் ரிக்வெஸ்ட் வந்தது. மேல அவர் எழுதின குறிப்பு "அட்வான்ஸ் ரிசீவ் 2000" எண்டு பெரிசா நிண்டது, கீழ உங்கட பட்டனில Pay ₹2,000. குறிப்பு எண்டது ரிக்வெஸ்ட் அனுப்புறவன் தன்ட பாட்டில அடிக்கிறது, அதில என்னவும் எழுதலாம், ஆனா உங்கட ஸ்கிரீனில அது ஆப்பே சொல்லுற மாதிரி இருக்கு. பின் ஏன் கேக்குது எண்டு யோசிக்கேல்லையோ எண்டு கேப்பியள். பேலன்ஸ் பாக்கவும் உதே பின்னைத்தானே கேக்கிறியள், அதால பின் அடிச்சாக் காசு போகும் எண்ட பயம் எனக்கு எப்பவோ விட்டுப் போச்சு. அடிச்சன், பச்சை டிக் வந்தது, காசு வந்திட்டுது எண்டு நினைச்சு 5.43க்கும் 5.46க்கும் மற்ற இரண்டையும் அப்ரூவ் பண்ணினன்.

என்ட சிம் இஞ்ச ரோமிங்கில கிடக்கு, பேங்க் எஸ்எம்எஸ் மூண்டும் 6.10க்குத்தான் ஒண்டா வந்து விழுந்தது, மூண்டும் டெபிட். அவருக்கு எடுத்தா, "ஐயோ தப்பா போயிடுச்சுக்கா, ரீஃபண்ட் அனுப்புறேன் அப்ரூவ் பண்ணுங்க" எண்டு நாலாவது ரிக்வெஸ்ட் ஒண்டு. அப்பதான் விளங்கினது. அதை டிக்லைன் பண்ணி, அந்த ஐடியை பிளாக் பண்ண முதல் ஸ்கிரீன்ஷாட் எடுத்தன், இணைச்சிருக்கிறன்.

இனி உங்கட பக்கத்துப் பிழைக்கு வாறன். 6.25க்கு ஆப்பிலயே மூண்டு பரிவர்த்தனைக்கும் புகார் போட்டன். காரணம் தெரிவு செய்யச் சொல்லி வந்த லிஸ்ட்டில "ஏமாத்தி எடுத்திட்டாங்கள்" எண்டு ஒண்டும் என்ட கண்ணில படேல்ல, கிட்ட வாறது எண்டு "காசு போனது, ஆளுக்குப் போய்ச் சேரேல்ல" எண்டதை அமத்தினன். அது நான் விட்ட பிழை. அந்தக் காரணத்துக்கு நீங்க பாக்கிறது, மற்றப் பக்க அக்கவுண்ட்டில காசு ஏறினதோ இல்லையோ எண்டதை மட்டும்தான். ஏறியிருக்கு, அதால மூடிட்டியள். ஆனா புகாரோட சேத்து நான் எழுதின விபரத்தில "கலெக்ட் ரிக்வெஸ்ட், மோசடி" எண்டு தெளிவாக் கிடக்கு. அதை ஒரு மனுசரும் வாசிக்கேல்ல.

இந்தியாவில சைபர் மோசடிக்கு அறிவிக்கிற 1930 நம்பருக்கு இஞ்சயிருந்து எனக்கு லைன் கிடைக்கேல்ல, திருச்சியில அக்காதான் எடுத்தவ. மூண்டு பரிவர்த்தனையின்ட பன்னிரண்டு இலக்க ஆர்ஆர்என் நம்பர், நேரம், போய்ச் சேந்த யூபிஐ ஐடி எல்லாம் குடுத்து, அண்டிரவே cybercrime.gov.in இல பதிவாச்சு. பேங்க்குக்கும் 6.40க்குக் கோல் பண்ணி, அடுத்த நாள் எழுத்தில குடுத்தாச்சு. ரசீது இலக்கம் எல்லாம் இணைப்பில.

பின் போட்டது நான்தான், அதை மறைக்கேல்ல. ரிசர்வ் வங்கியின்ட 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை பேங்க் எனக்கு எதிராக் காட்டும் எண்டும் தெரியும், வாடிக்கையாளர் கவனக்குறைவு எண்டா அறிவிக்கும் வரைக்குமான நட்டம் வாடிக்கையாளருக்குத்தான். ஆனா பொறுப்பு என்னில எண்டு நிரூபிக்க வேண்டியது பேங்க் எண்டும், அறிவிச்ச பிறகு வாற நட்டம் பேங்க்கின்ட எண்டும் அதே சுற்றறிக்கையில கிடக்கு. ஒருக்கா மற்ற அக்கவுண்ட்டில ஏறின காசை நீங்க பட்டனை அமத்தித் திருப்பி எடுக்க ஏலாது எண்டும் தெரியும். அதை அந்த அக்கவுண்ட் இருக்கிற பேங்க் மறிச்சு வைச்சாத்தான் உண்டு, அதுக்கு மணித்தியாலக் கணக்குத்தான் இருக்கும். அண்டைக்கு 6.25க்கே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகு என்ன செய்தியள் எண்டதுதான் என்ட கேள்வி.

ஆகவே மூடின புகாரை மோசடி எண்ட வகையில திரும்பத் திறந்து, உங்கட பின்னால நிக்கிற பேங்க்குக்கும் காசு வாங்கின அக்கவுண்ட்டின்ட பேங்க்குக்கும் 1930 ரசீது இலக்கத்தோட அனுப்புங்கோ. எந்த நேரம் அனுப்பினியள் எண்டதையும் எனக்கு எழுத்தில தாங்கோ. அந்த மூண்டு ரிக்வெஸ்ட்டும் கலெக்ட்டாத்தான் வந்தது எண்டும், அதில அவர் அடிச்ச குறிப்பு என்ன எண்டும் உங்கட பதிவில இருந்து எடுத்துத் தாங்கோ. என்ட ஹிஸ்டரியில இப்ப அது நான் சும்மா அனுப்பின காசு மாதிரித்தான் காட்டுது, குறிப்பைக் காணேல்ல, நான் பொய் சொல்லுறன் எண்டு பேங்க் நினைச்சாலும் ஆச்சரியமில்லை.

அக்டோபர் 1 இல இருந்து ஆளுக்கு ஆள் கலெக்ட் ரிக்வெஸ்ட்டை யூபிஐயை நடத்துற என்பிசிஐ முழுசா நிப்பாட்டுதாம் எண்டு இந்தக் கிழமைதான் பாத்தன். ஏழு கிழமை முந்தி நிப்பாட்டியிருந்தா எனக்குக் காசு மிஞ்சியிருக்கும், சரி விடுவம். ஆனா கடைக்காரர் அனுப்புற ரிக்வெஸ்ட் தொடருமாம், அதால அந்தக் குறிப்பை ஸ்கிரீனின்ட மேல பெரிசாப் போடுறதை மாத்துங்கோ, "உங்கட அக்கவுண்ட்டில இருந்து காசு போகப் போகுது" எண்டு தமிழில ஒரு வரி பின் கேக்க முதல் போடுங்கோ.

நான் எழுத்தில குடுத்து முப்பது நாள் ஆகியும் பேங்க் ஒண்டும் சொல்லாட்டி cms.rbi.org.in இல ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனுக்குப் போடுறது எண்டு இருக்கிறன். உங்கட பதிலும், பதில் வராட்டி வரேல்ல எண்டதும், அந்த மனுவோட போகும்.

கோல் பண்ணுறதெண்டா இரவு எட்டுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில எடுங்கோ, ரோமிங்கில எடுத்தா எனக்கும் காசு போகும்.

இப்படிக்கு,
உங்கட வாடிக்கையாளர்

இணைப்பு: நாலாவது ரிக்வெஸ்ட்டின்ட ஸ்கிரீன்ஷாட், மூண்டு எஸ்எம்எஸ், 1930 ரசீது, பேங்க்குக்குக் குடுத்த கடிதம்